நிறுவனத்துக்குள் மாதச் செய்திமடல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதா மாதம் அனுப்புறம், ஒருத்தரும் வாசிக்கினமில்லை. எங்கை பிழை?

கடைசி மூன்று இதழ்களை அச்செடுத்துக்கொண்டு ஒரு பேனையோடு உட்காருங்கள். ஒவ்வொரு செய்தியின் ஓரத்திலும் ஓர் எழுத்துப் போடுங்கள். வாசித்தவர் அதன்பிறகு ஏதாவது செய்ய வேண்டுமென்றால் 'செ'. செய்ய ஒன்றுமில்லை, ஆனால் இன்னொரு பிரிவில் நடந்த மாற்றம் அவருடைய வேலையைத் தொடுகிறது என்றால் 'தொ'. அவருக்குத் தெரிந்த ஓர் ஆளைப் பற்றியது என்றால் 'ஆ'. இந்த மூன்றில் ஒன்றும் இல்லையென்றால் வெறும் கோடு.

வாசிக்கப்படாத மடல்களின் முதற்பக்கம் பெரும்பாலும் கோடாகவே இருக்கும். பயிற்சிப் பட்டறை இனிதே நடைபெற்றது, கூட்டம் சிறப்பாக நிறைவுற்றது, புதிய கணினி மென்பொருள் அறிமுகம் செய்து வைக்கப்பட்டது. இவை அனுப்பியவரின் திருப்திக்காக எழுதப்பட்டவை. கோண்டாவில் களஞ்சியத்தில் மூடை இறக்குபவருக்கும் கிளிநொச்சிக் கிளையில் பற்றுச்சீட்டு எழுதுபவருக்கும் அதில் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. இரண்டு இதழ் அப்படி வந்தால் மூன்றாவதை அவர்கள் திறக்கமாட்டார்கள்.

வடிவமைப்பை மாற்றுவதற்கு முன் இந்தக் கோடுகளை வெட்டுங்கள். நிறம் மாற்றி, பெயர் மாற்றி, நிறுவனச் சின்னத்தைப் பெரிதாக்கிப் புதுப்பித்த மடல், உள்ளே அதே செய்திகள் இருந்தால் ஓர் இதழுக்கு மேல் தாங்காது.

எத்தினை பக்கம் இருக்க வேணும்?

பக்கத்தால் அளக்காதீர்கள். முழு மடலையும் சாதாரண வேகத்தில் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். காலை பத்து மணித் தேநீர் இடைவேளைக்குள் ஒருவர் வாசித்து முடித்து, பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்ல நேரமிருக்க வேண்டும். அந்த அளவுக்குள் ஐந்து அல்லது ஆறு செய்திகள் கொள்ளும். ஏழாவது செய்தி நல்லதாக இருந்தால் அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் பொறுக்க முடியாத செய்தி என்றால் அது மடலுக்கு உரியதே அல்ல. அன்றைக்கே அறிவித்தலாகப் போயிருக்க வேண்டும்.

பிரிவுகளிட்டை செய்தி கேட்டா ஒண்டும் வருகுதில்லை. வந்தாலும் படம் மட்டும்தான் வருகுது. என்ன செய்யிறது?

“உங்கள் பிரிவின் செய்திகளை 20ஆம் திகதிக்கு முன் அனுப்பிவைக்கவும்” என்ற மின்னஞ்சலை நிறுத்திவிடுங்கள். அது எழுதத் தெரியாதவரிடம் கட்டுரை கேட்பது. அவர் பயந்துபோய் ஒன்றும் அனுப்பமாட்டார், அல்லது குத்துவிளக்கு ஏற்றும் படம் ஒன்றை அனுப்பிக் கடமையை முடித்துக்கொள்வார்.

அதற்குப் பதிலாக ஒவ்வொரு பிரிவிலும் ஒருவரைப் பிடியுங்கள். பிரிவுத் தலைவர் வேண்டாம். அவருக்கு நேரமில்லை, அதோடு தன் பிரிவைப் பற்றி நல்லதாக மட்டும் சொல்லவேண்டிய கட்டாயமும் அவருக்கு உண்டு. மற்றப் பிரிவுகளிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பை யார் எடுக்கிறாரோ அவரே சரியான ஆள். கணக்குப் பிரிவில் கொடுப்பனவுகளைப் பார்க்கும் எழுதுவினைஞர், களஞ்சியத்தில் பொருள் வழங்கும் படிவத்தைக் கையில் வாங்குபவர், போக்குவரத்தில் லொறிகளுக்கு ஓட்டம் பிரிப்பவர். தலைவரிடம் ஒரு முறை சொல்லி அனுமதி வாங்கிவிட்டால் போதும்.

அந்த ஆளை மாதத்துக்கு ஒரு தடவை, பத்து நிமிடம் தொலைபேசியில் கூப்பிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்.

முதலாவது: “இந்த மாதம் நீங்கள் செய்யும் முறையில் என்ன மாறினது?” படிவம், நேரம், கையொப்பம் வைப்பவர், தொலைபேசி இலக்கம் எதுவானாலும் சரி.

இரண்டாவது: “மற்றப் பிரிவு ஆக்கள் திரும்பத் திரும்ப உங்களிட்டைக் கேக்கிறது என்ன?” மடலுக்குக் கிடைக்கும் மிக நல்ல செய்திகள் இந்தக் கேள்வியிலிருந்தே வரும். பத்துப் பேர் கேட்டிருந்தால், கேட்கக் கூச்சப்பட்டு இன்னும் பலர் இருப்பார்கள்.

மூன்றாவது: “அடுத்த மாதம் நீங்கள் செய்யப்போறதில் மற்றவையின்ரை வேலையைக் குழப்பப்போறது எது?”

“நல்ல செய்தி ஏதும் இருக்கோ?” என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு வரும் பதில் மறுபடியும் குத்துவிளக்குத்தான்.

இரண்டாவது கேள்விக்கு ஓர் உதாரணம். மனிதவளப் பிரிவில் கேட்டால், “சம்பளத்தில் ஏன் இவ்வளவு வெட்டு?” என்பதே ஆண்டு முழுவதும் வரும் கேள்வி என்பார்கள். ஒரு சிறு பத்தியில் அதைத் தீர்த்துவிடலாம். சேமலாப நிதிக்கு உரிய உழைப்பு 60,000 ரூபாய் என்றால் உங்களிடமிருந்து கழிவது 8 வீதம், அதாவது 4,800 ரூபாய். நிறுவனம் தன் பக்கமிருந்து 12 வீதம், 7,200 ரூபாய் போடுகிறது. உங்கள் பெயரில் மாதம் 12,000 ரூபாய் சேர்கிறது. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குப் போகும் 3 வீதம், 1,800 ரூபாய், முழுக்க நிறுவனத்தின் பணம். அது உங்கள் சம்பளத்தில் கழிவதில்லை. இவ்வளவுதான் செய்தி. இதை ஒருவர் வெட்டி எடுத்து வீட்டில் காட்டுவார்.

பிரிவு தாற குறிப்பை அப்பிடியே போடலாம்தானே?

போடக்கூடாது. பிரிவு தன் வேலையின் வரிசையில் சொல்லும். வாசிப்பவருக்குத் தன் வேலையின் வரிசையில் வேண்டும். ஒரு குறிப்பை எடுத்துப் பார்ப்போம். 180 பேர், ஏழு பிரிவுகள், யாழ்ப்பாண நகரில் தலைமை அலுவலகம், கோண்டாவிலில் களஞ்சியம், சாவகச்சேரியிலும் கிளிநொச்சியிலும் கிளைகள் என்று ஒரு நிறுவனத்தை வைத்துக்கொள்ளுங்கள். களஞ்சியத்திலிருந்து வந்த குறிப்பு இது:

“எமது களஞ்சியப் பிரிவினால் அரையாண்டு இருப்பெடுப்பு நடவடிக்கைகள் எதிர்வரும் யூன் மாதம் 28, 29ஆம் திகதிகளில் மேற்கொள்ளப்படவுள்ளது. இதன் காரணமாகப் பொருட்கள் வழங்குவதில் தாமதங்கள் ஏற்படக்கூடும் என்பதை அறியத்தருவதுடன் அனைத்துப் பிரிவினரதும் ஒத்துழைப்பை எதிர்பார்க்கின்றோம்.”

இதில் பொய்யில்லை, பயனும் இல்லை. “தாமதங்கள்” என்றால் எவ்வளவு? “ஒத்துழைப்பு” என்றால் யார் என்ன செய்ய வேண்டும்? தொலைபேசியை எடுத்து நான்கு விஷயங்களைக் கேட்க வேண்டும். கடைசியாகப் பொருள் வெளியே போவது எப்போது? அதற்கு எப்போது படிவம் வந்து சேர வேண்டும்? மீண்டும் திறப்பது எப்போது? இடையில் அவசரமென்றால் யாரிடம் கேட்பது? கேட்டு வாங்கிய பிறகு செய்தி இப்படி ஆகும்:

“யூன் 27 பிற்பகல் 3 மணியிலிருந்து 30 காலை 10 மணிவரை களஞ்சியத்திலிருந்து பொருள் வெளியே போகாது. அந்த வார இறுதிக்குத் தேவையானவற்றின் படிவம் 26 வியாழன் நண்பகலுக்குள் களஞ்சியத்தில் இருக்க வேண்டும். கிளிநொச்சிக் கிளை 25 புதனுக்குள் அனுப்பவும். உங்களுக்கான கடைசி லொறி 26 காலை புறப்படுகிறது. வாடிக்கையாளருக்கு 28, 29ஆம் திகதிகளில் தருவதாக ஏற்கெனவே சொல்லியிருந்தால் இப்போதே களஞ்சியத்துக்குத் தெரியப்படுத்துங்கள். அதை முன்கூட்டியே எடுத்து வைப்பார்கள். காரணம்: அரையாண்டு இருப்பெடுப்பு.”

மாறியது என்னவென்று பாருங்கள். இருப்பெடுப்பு என்ற சொல் கடைசிக்குப் போய்விட்டது. களஞ்சியத்துக்கு அதுதான் பெரிய நிகழ்வு. மற்ற எல்லோருக்கும் கதவு பூட்டியிருப்பதே நிகழ்வு. கிளிநொச்சிக்குத் தனி வரி வந்திருக்கிறது, ஏனென்றால் அவர்களுடைய கடைசி நாள் வேறு. பொதுவான ஒரு திகதியைப் போட்டிருந்தால் அவர்களின் படிவம் லொறி போனபிறகு வந்து சேர்ந்திருக்கும். விற்பனைப் பிரிவு ஏற்கெனவே கொடுத்த வாக்குறுதி பற்றிய வரி களஞ்சியத்தின் குறிப்பில் இல்லவே இல்லை. செய்தி எழுதுபவர் “இதால் யாருக்கு இடி விழும்?” என்று யோசித்ததால் மட்டும் வந்தது.

திருத்தியதை, குறிப்புத் தந்தவருக்கு அன்றைக்கே திருப்பிக் காட்டுங்கள். “சரியோ?” என்று கேட்டால் வாசிக்காமலே “ஓம்” என்று பதில் வரும். “26 நண்பகல், 30 காலை 10 மணி, இந்த இரண்டும் சரியோ?” என்று எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

பணிப்பாளரின்ரை செய்தி முதற் பக்கத்தில வரத்தானே வேணும்?

வரலாம், அவர் மட்டும் பதில் சொல்லக்கூடிய ஒன்றுக்குப் பதிலாக இருந்தால். அவரிடம் “ஒரு செய்தி தாருங்கள்” என்று கேட்டால் வாழ்த்துத்தான் வரும். ஊழியர்கள் அந்த மாதம் பேசிக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை எடுத்துப் போங்கள்: “சாவகச்சேரிக் கிளையைப் பெருப்பிக்கப்போறம் என்று கதை, உண்மையோ?” அவர் பேசுவதை எழுதி, 80 சொல்லுக்குள் சுருக்கி, அவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். சொல்வதற்கு ஒன்றுமில்லாத மாதத்தில் அந்த இடம் வேறு செய்திக்கு. இதை முதல் இதழுக்கு முன்பே அவரோடு பேசி முடிவுசெய்துகொள்வது நல்லது. பிறகு எடுத்துவிடுவது கடினம்.

எந்த நாளில அனுப்பிறது? எப்ப வேலையைத் தொடங்கிறது?

மாதத்தின் முதற் புதன்கிழமை, காலைத் தேநீருக்குச் சற்று முன். மாதக் கடைசியில் கணக்குப் பிரிவும் விற்பனையும் நிமிர்ந்து பார்க்காது. திங்கள் எல்லோருக்கும் சுமை, வெள்ளி பின்னேரம் மனம் வீட்டில். புதன் போயா விடுமுறையாக வந்தால் ஒரு நாள் முந்துங்கள்.

அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். இரண்டு வாரத்துக்கு முந்திய திங்கள், செவ்வாயில் ஏழு தொலைபேசி அழைப்புகள். அந்த வாரமே எழுதி, வியாழனுக்குள் குறிப்புத் தந்தவர்களிடம் திருப்பிக் காட்டல். அடுத்த வாரம் ஒரே ஒருவரின் இறுதி ஒப்புதல். இந்த 'ஒரே ஒருவர்' முக்கியம். மூன்று முகாமையாளர்கள் பார்க்கவேண்டும் என்று வைத்தால் ஒருவர் சேர்ப்பதை இன்னொருவர் எடுப்பார். யூன் மடல் யூலையில் வரும். அனுப்புவதற்கு முந்திய நாள் வெவ்வேறு கைத்தொலைபேசிகளில் திறந்து பார்த்தல்.

யாழ்ப்பாணத்தில் இரண்டு காலங்களை நாட்காட்டியில் முன்பே குறித்துவையுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களில் லீவு கூடும், கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடப்படும். அதற்கு முந்திய இதழிலேயே லொறிகளின் மாற்றுப்பாதையும், பிரிவுகளில் யாருக்குப் பதில் யார் என்பதும் வந்துவிட வேண்டும். சித்திரைப் புத்தாண்டுக்கும் அப்படித்தான்: கடைசிக் கொடுப்பனவுத் திகதி மார்ச்சில் அல்லது ஏப்ரல் முதற் புதனில் வர வேண்டும்.

பாதிப் பேருக்கு மின்னஞ்சல் இல்லை. அவைக்கு எப்பிடிக் குடுக்கிறது?

மின்னஞ்சலை இரண்டாம் வழியாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வழி வட்ஸ்அப். நிர்வாகிகள் மட்டும் செய்தி போடக்கூடியதாக அமைத்த குழு ஒன்று தேவை. இல்லாவிட்டால் மடலுக்குக் கீழே நாற்பது “நன்றி”, இருபது கைகூப்பு வந்து மடல் மேலே போய் மறைந்துவிடும். ஒலிபரப்புப் பட்டியல் வேண்டாம்: உங்கள் இலக்கத்தைத் தன் போனில் சேமித்து வைக்காதவருக்கு அது போய்ச் சேராது. போகவில்லை என்று உங்களுக்கும் தெரியவராது.

A4 பக்கத்தைப் பி.டி.எவ் ஆக்கி அனுப்புவதே அடிக்கடி நடக்கும் பிழை. போனில் திறந்தால் இரு விரலால் பெருப்பித்து, இடமும் வலமுமாக இழுத்து வாசிக்க வேண்டும். இரண்டு பத்தி வரிசை என்றால் இன்னும் மோசம். பக்கத்தைப் போனின் வடிவிலேயே, உயரமாகவும் ஒடுக்கமாகவும் அமையுங்கள். ஒரே பத்தி வரிசை, பக்கத்துக்கு ஒரு செய்தி. படமாக அனுப்பினால் வட்ஸ்அப் அதை நசுக்கி எழுத்தைக் கலங்கடிக்கும், ஆகவே ஆவணமாக அனுப்புங்கள். அதோடு மூன்று தலைப்பு வரிகளைச் செய்தியாகவே எழுதுங்கள். கோப்பைத் திறக்காதவரும் “27 பிற்பகல் 3 மணியிலிருந்து களஞ்சியம் பூட்டு” என்பதைக் கண்டுவிடுவார்.

களஞ்சியத்திலும் லொறி நிற்கும் இடத்திலும் A3 தாளில் ஒட்டுங்கள். வரவுப் பதிவு இயந்திரத்துக்குப் பக்கத்துச் சுவர் நல்ல இடம், அங்கே வரிசையில் நிற்கவேண்டியிருக்கும். பழைய இதழைக் கழற்றாமல் அதன்மேல் ஒட்டினால் ஒருவரும் புதியது என்று நினைக்கமாட்டார்கள்.

கணினியில சரியாய்த்தான் இருந்தது. அனுப்பினாப் பிறகு எழுத்தெல்லாம் குழம்பிப்போச்சு. ஏன்?

பாமினியில் தட்டச்சுச் செய்திருப்பீர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கணினி சேமிப்பது ஆங்கில எழுத்துகளைத்தான். எழுத்துரு அவற்றைத் தமிழ் வடிவில் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத போனில் உள்ளே இருப்பது வெளியே தெரியும். `சம்பளம்` என்று நீங்கள் பார்த்தது அங்கே `rk;gsk;` என்று நிற்கும். பி.டி.எவ் ஆக்கினால் கண்ணுக்குச் சரியாகத் தெரியலாம், ஆனால் ஆறு மாதம் கழித்துப் பழைய இதழ்களில் “இருப்பெடுப்பு” என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது.

பிரிவுகளிலிருந்து பாமினியில் வரும் குறிப்புகளை எழுத்துரு மாற்றும் செயலியைக் கொண்டு யுனிகோடாக்கிய பிறகே தொடுங்கள். மாற்றியபின் ஒரு முறை முழுதாக வாசிக்க வேண்டும். குறிப்புக்கு நடுவில் ஆங்கிலத்தில் இருந்த பொருள் குறியீடுகளையும் வாகன இலக்கங்களையும் அந்தச் செயலி தமிழென்று எண்ணிச் சிதைத்துவிடும். அவற்றை மூலத்தைப் பார்த்துத் திரும்பத் தட்டச்சிடுங்கள்.

பிறந்தநாள், கலியாணம், செத்தவீடு எல்லாம் போடலாமோ?

ஆட்களைப் பற்றிய செய்தியைத்தான் எல்லோரும் முதலில் தேடுவார்கள். அதனாலேயே இதில் கவனம் வேண்டும்.

பிறந்தநாட் பட்டியல் மலிவான பக்க நிரப்பி. மாதம் பதினைந்து பெயர் வரும், ஒரு பெயர் விடுபட்டால் மனத்தாங்கல். அதற்குப் பதில் புதிதாகச் சேர்ந்தவரை அறிமுகப்படுத்துங்கள்: பெயர், எந்தப் பிரிவு, எதற்காக அவரைக் கூப்பிடலாம், உள்ளிணைப்பு இலக்கம். ஓய்வுபெறுபவர் என்றால் அவருடைய வேலையை இனி யார் பார்ப்பார் என்பதும் சேர வேண்டும்.

மரணச் செய்தி மடலுக்குக் காத்திருக்கக்கூடாது. அன்றைக்கே தொலைபேசியிலும் குழுவிலும் போக வேண்டும். மடல் வரும்போது அந்தியேட்டியே முடிந்திருக்கலாம். மடலில் ஒரு வரி அஞ்சலி போதும்.

படம், குடும்ப விபரம், நோய் எதுவானாலும் அந்த ஆளிடம் கேட்காமல் போடவேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருப்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், வட்ஸ்அப்பில் போன கோப்பு நிறுவனத்துக்குள் நிற்காது. பிள்ளைகளின் சாமத்தியவீட்டுப் படங்களைத் தகப்பன் விருப்பப்பட்டுத் தந்தாலும் தவிர்ப்பதே சரி.

வாசிச்சினமோ இல்லையோ எண்டு எப்பிடித் தெரியும்?

வட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட செய்தியை அழுத்திப் பிடித்து அதன் விபரத்தைப் பார்த்தால் யார் யார் பார்த்தார்கள் என்று வரும். ஆனால் அது குழுவைத் திறந்தார் என்பதை மட்டும் சொல்கிறது. பார்த்ததைக் காட்டும் 'நீலச் சரி' அடையாளத்தை அணைத்து வைத்திருப்பவர்களும் குழுவில் கணக்கில் வருவார்கள். மின்னஞ்சல் திறப்பு எண்ணிக்கையையும் நம்பவேண்டாம். 2021 முதல் ஆப்பிளின் மின்னஞ்சல் செயலி, ஆள் திறக்காமலே படங்களை இறக்கித் திறந்ததுபோலக் காட்டக்கூடியது.

நடத்தையைப் பாருங்கள். களஞ்சிய உதாரணத்தில் எண்ணவேண்டியது ஒன்றுதான்: 26 நண்பகலுக்குப் பிறகு வந்த படிவங்கள் எத்தனை, எந்தப் பிரிவிலிருந்து? கடந்த திசெம்பர் இருப்பெடுப்பின்போது பிந்தி வந்தவற்றைக் களஞ்சியத்திடமிருந்து எடுத்து ஒப்பிடுங்கள். சாவகச்சேரியிலிருந்து மட்டும் மறுபடியும் பிந்தி வந்தால் எழுத்தில் பிழையில்லை. மடல் அங்கே போய்ச் சேரவில்லை. கிளையில் யாருடைய போனில் வருகிறது, சுவரில் ஒட்டினார்களா என்று கேளுங்கள். எல்லாப் பிரிவிலிருந்தும் பிந்தினால் செய்தியின் முதல் வரியைத் திரும்ப எடுத்துப் பாருங்கள்.

சேமலாப நிதிப் பத்திக்கும் இதே வழி. அடுத்த மாத அழைப்பில் மனிதவளப் பிரிவிடம் “அந்தக் கேள்வி இன்னும் வருதோ?” என்று கேட்டால் போதும்.

பிழையான திகதி போட்டு அனுப்பிப்போட்டம். இப்ப என்ன செய்யிறது?

குழுவில் போட்டதை அழித்துவிட்டுச் சத்தமில்லாமல் புதிதைப் போடாதீர்கள். முதலாவதை இறக்கி வைத்திருப்பவர்களிடம் இரண்டு திகதி இருக்கும், எது சரியென்று அவர்களுக்குத் தெரியாது. “திருத்தம்: களஞ்சியப் படிவத்துக்குக் கடைசி நாள் 26 வியாழன். மடலில் 27 என்று வந்தது பிழை” என்று ஒரே வரியில், இரண்டு திகதியையும் சொல்லிப் போடுங்கள். சுவரில் இருக்கும் தாளில் சிவப்புப் பேனையால் வெட்டி எழுதுங்கள்; வெட்டியிருப்பதைப் பார்த்து வாசிப்பவர்களும் உண்டு. பிறகு அந்தத் திகதியால் அதிகம் பாதிக்கப்படும் பிரிவுக்கு, இங்கே கிளிநொச்சிக்கு, நேரே தொலைபேசியில் சொல்லுங்கள்.